கசப்பான சர்வே முடிவை மேலிடத்தில் எப்படி வைப்பது: மூன்று வழிகளும் என் தேர்வும்

பணியாளர் ஈடுபாட்டு சர்வே முடிந்து எண்கள் கைக்கு வந்த மறுநாள், எச்.ஆரில் இருப்பவர் முன் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: இதை எந்த வடிவத்தில் மேலே கொண்டுபோவது? முடிவுகள் நன்றாக இருந்தால் எந்த வடிவமும் சரிதான். மோசமாக இருந்தால், முதல் ஸ்லைடு எதுவோ அதுவே அடுத்த ஒன்றரை மணி நேரப் பேச்சைத் தீர்மானித்துவிடும்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தின் கதையை வைத்தே சொல்கிறேன். மொத்தம் 620 பேர், 58 குழுக்கள். சர்வேக்குப் பதில் சொன்னவர்கள் 484 பேர், அதாவது 78%. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து படிநிலைகள். மேல் இரண்டு படிகளைத் தேர்ந்தவர்களின் விழுக்காட்டைத்தான் ‘சாதகம்’ என்று கணக்கிடுவோம். ‘என் மேலாளர் என்னை மரியாதையோடு நடத்துகிறார்’ என்பதற்கு 81% சாதகம். ‘முக்கிய முடிவுகளின் காரணம் எனக்குத் தெளிவாகச் சொல்லப்படுகிறது’ என்பதற்கு 34%. ‘இந்த சர்வேயை வைத்து ஏதாவது நடக்கும் என்று நம்புகிறேன்’ என்பதற்கு 29%.

அந்த 34 யாருடைய கணக்கில் வரும்? தலைமைக் குழுவின் கணக்கிலா, மேலாளர்களின் கணக்கிலா? நாம் எந்தப் படத்தை முதலில் காட்டுகிறோமோ, அதுதான் இதற்கும் பதில் சொல்லிவிடுகிறது. என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி: மேலாளர் வாரியாக ஹீட்மேப்

பெரும்பாலான சர்வே மென்பொருள்கள் தானாகவே தரும் படம் இதுதான். இடப்பக்கம் மேலாளர்களின் பெயர்கள், மேலே கேள்விகள், நடுவில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள். ஒரு நொடியில் படிக்கலாம் என்பதால் தலைமைக்கு இது ரொம்பப் பிடிக்கும். பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சிவப்பு எப்போதும் வேறு யாரோ ஒருவரின் பெயருக்கு நேராகத்தான் இருக்கும்.

இந்தப் படத்தைத் திரையில் போட்டால் முதல் கேள்வி ‘அந்தக் கடைசி வரிசை யாருடைய குழு?’ என்பதாகத்தான் வரும். அதற்குப் பிறகு பேச்சு மனிதர்களைப் பற்றியதாகிவிடும். ‘அவர் புதுசு’, ‘அந்தக் குழு எப்பவுமே அப்படித்தான்’, ‘அவருக்கு ஒரு பயிற்சி ஏற்பாடு செய்யுங்கள்’. கூட்டம் முடியும்போது ஐந்து மேலாளர்களுக்குப் பயிற்சி என்று ஒரு தீர்மானம் இருக்கும். அந்த 34% பற்றி ஒருவரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். எய்தவன் இருக்க அம்பை நோகும் வேலை.

நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், கணக்காகப் பார்த்தாலும் இது தப்பு. எட்டுப் பேர் பதில் சொன்ன குழுவில் ஐந்து பேர் சாதகம் என்றால் 63%. ஒருவர் அன்று காலையில் எரிச்சலில் இருந்து மூன்றாவது படியை அழுத்தினால் 50%. மஞ்சள் சிவப்பாகிவிடும். ஒரு மனிதரின் ஒரு க்ளிக் பன்னிரண்டரைப் புள்ளி. அதை வைத்து ஒரு மேலாளரைப் பற்றி முடிவு கட்டுவது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதுபோலத்தான்.

இரகசியம் உடையும் ஆபத்தும் இருக்கிறது, அது பலருக்குக் கண்ணில் படுவதே இல்லை. ஐந்து பேருக்குக் குறைவான குழுவை மென்பொருள் மறைத்துவிடும், நாமும் நிம்மதியாக இருப்போம். ஆனால் ஒரு துறையில் 34 பேர், அதில் 15 பேர் சாதகம் என்று மேல்வரிசை காட்டுகிறது என்று வையுங்கள். கீழே மூன்று குழுக்கள் தெரிகின்றன: 9 பேரில் 5, 11 பேரில் 6, 10 பேரில் 4. நான்கு பேர் கொண்ட கடைசிக் குழு மறைக்கப்பட்டிருக்கிறது. கழித்துப் பாருங்கள்: 5, 6, 4 கூட்டினால் 15. மறைந்திருக்கும் நான்கு பேரில் ஒருவர்கூடச் சாதகமாகச் சொல்லவில்லை என்பது அம்பலம். எண்களோடு வாழும் நிதித் தலைவர் ஒருவர் இதை மனக்கணக்காகவே போட்டுவிடுவார். அடுத்த ஆண்டு அந்த நான்கு பேரும் சர்வேயைத் திறக்கவே மாட்டார்கள், அல்லது எல்லாவற்றுக்கும் ஐந்தைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

இரண்டாவது வழி: மொத்த மதிப்பெண்ணும் பெஞ்ச்மார்க்கும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாக் கேள்விகளையும் சேர்த்து ஒரே எண். பக்கத்தில் சந்தைச் சராசரி. நல்லதாக மூன்று, கெட்டதாக ஒன்று, மறுபடி நல்லதாக ஒன்று. யாருக்கும் வலிக்காது. எங்கள் இடத்தில் மொத்த எண் 61 வந்தது, 81-ம் 34-ம் அதற்குள் ஒன்றாகக் கரைந்துபோயின. பூசி மெழுகினால் யாரும் தற்காப்புக்கு இறங்க மாட்டார்கள்தான், தற்காக்க வேண்டிய பொருளே மேஜையில் இல்லையே! புதிதாக வந்த தலைமையிடம் முதல் முறையாக சர்வேயை அறிமுகப்படுத்தும்போது இதை ஒரு பக்கத்தில் சொல்லிக்கொள்ளலாம். 29% பேர்தான் ‘ஏதாவது நடக்கும்’ என்று நம்பும் இடத்தில் இந்த வழியில் போனால், அடுத்த முறை அந்த 29-ம் இருக்காது.

மூன்றாவது வழி: கேள்வியை முன்வைத்து, பரவலைக் காட்டுவது

நான் தேர்ந்தது இதைத்தான். இதில் பெயர்களே இல்லை. ஒரு கேள்விக்கு ஒரு கோடு, 0 முதல் 100 வரை. ஐந்து பேராவது பதில் சொன்ன ஒவ்வொரு குழுவும் அந்தக் கோட்டில் ஒரு புள்ளி. எங்களுக்கு அப்படி 41 புள்ளிகள் கிடைத்தன; சிறிய குழுக்களைத் துறை அளவில் மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டு கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். ‘என் மேலாளர் நான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறார்’ என்ற கோட்டில் புள்ளிகள் 45 முதல் 100 வரை சிதறிக் கிடந்தன. ‘முடிவுகளின் காரணம் எனக்குச் சொல்லப்படுகிறது’ என்ற கோட்டில் 41 புள்ளிகளில் 36, ஐம்பதுக்கு இடப்பக்கம் ஒரே கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. படமே பேசியது. முதல் கோட்டில் குழுவுக்குக் குழு வித்தியாசம் இருக்கிறது, அங்கே மேலாளருக்குப் பங்குண்டு. இரண்டாவது கோட்டில் யார் மேலாளர் என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. 36 மேலாளர்கள் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி சொதப்புவதைவிட, அவர்கள் எல்லோருக்கும் மேலே பொதுவாக ஏதோ ஒன்று இருக்கிறது என்பதுதான் நம்பக்கூடியது.

இந்த இடத்தில் தலைமைக் குழுவில் யாராவது ஒருவர் ஒரு புகழ்பெற்ற எண்ணை எடுப்பார். காலப் நிறுவனம் 2015-ல் வெளியிட்ட ஓர் அறிக்கையில், வணிகப் பிரிவுகளுக்கு இடையே ஈடுபாட்டு மதிப்பெண்ணில் காணப்படும் வேறுபாட்டில் குறைந்தது 70% மேலாளரால் வருவது என்று சொன்னது. ‘பார்த்தீர்களா, எல்லாம் மேலாளர்தான்’ என்று இதை வீசுவார்கள். ஆனால் அது பிரிவுக்குப் பிரிவு உள்ள வேறுபாட்டைப் பற்றிய எண். எல்லாப் பிரிவுகளும் சேர்ந்து தாழ்ந்திருப்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் இல்லாத 20 மதிப்பெண் கேள்வி ஒன்று தேர்வில் வந்தால் வகுப்பில் எல்லோருக்கும் 20 குறையும். முதல் மாணவருக்கும் கடைசி மாணவருக்கும் உள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கும். அந்த இடைவெளிக்கு மாணவர்களைக் கேட்கலாம், எல்லோரும் இழந்த இருபதுக்குக் கேள்வித்தாள் எடுத்தவரைத்தான் கேட்க வேண்டும். இதை அதட்டாமல் இரண்டு வரியில் சொல்லத் தயாராக இருந்தால் போதும்.

இதைவிட வலுவான ஆதாரம் ஒன்று எல்லா சர்வேயிலும் கிடைக்கும், யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. மேலாளர்களும் பணியாளர்கள்தானே, அவர்களும் பதில் சொல்லியிருப்பார்கள். அவர்களை மட்டும் ஒரு குழுவாகப் பிரித்துப் பார்த்தேன். பதில் சொன்ன 52 மேலாளர்களில் 19 பேர்தான் ‘காரணம் எனக்குச் சொல்லப்படுகிறது’ என்றார்கள். 37%. மற்றவர்களிடம் 34%. தனக்கே சொல்லப்படாத காரணத்தை மேலாளர் தன் குழுவுக்கு எங்கிருந்து சொல்வார்? இந்த ஒரே எண் போதும், பழி மேலாளர் பக்கம் போகாமல் நின்றுவிடும். யார் மீதும் குற்றம் சாட்டவும் வேண்டியதில்லை. (மாறாக மேலாளர்கள் 80% என்று வந்திருந்தால் கதையே வேறு. மேலே இருந்து வந்தது நடுவில் நிற்கிறது என்று பொருள். அதையும் மறைக்காமல் சொல்லியிருப்பேன்.)

எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சம்பவத்தையும் வைத்தேன். துறைகளை மாற்றியமைத்தது பற்றிய மின்னஞ்சல் ஒரு நாள் காலை 11 மணிக்கு எல்லோருக்கும் போனது. மேலாளர்களுக்கும் அதே 11 மணிதான். 11.10-க்கு ஆட்கள் மேலாளரின் மேஜையைச் சுற்றி நிற்கிறார்கள், ‘ஏன் இப்படி?’ என்று. அவரோ இன்னும் இரண்டாவது பத்தியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். ‘எனக்கும் இப்போதுதான் தெரியும்’ என்கிறார். இந்தக் காட்சியில் கெட்டவர் யாரும் இல்லை, அனுப்பும் வரிசைதான் கோளாறு. அந்த வரிசையை மாற்றும் அதிகாரமும் அந்த அறையில் இருப்பவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. ‘தலைமை வெளிப்படையாக இல்லை’ என்று எழுதியிருந்தால் அரை மணி நேரம் ‘வெளிப்படை’ என்றால் என்ன என்று விவாதித்திருப்பார்கள்.

முன்கூட்டிச் சொல்வதா, கூட்டத்திலேயே சொல்வதா

படத்தைத் தேர்ந்தபின் இன்னொரு தேர்வு பாக்கி. இதிலும் இரண்டு கட்சி உண்டு. கூட்டத்தில் எல்லோரும் ஒன்றாக முதன்முறை பார்க்கட்டும், அப்போதுதான் யாரும் முன்னாலேயே சமாதானம் தயார் செய்ய மாட்டார்கள் என்பது ஒன்று. தனித்தனியே முன்கூட்டிக் காட்ட வேண்டும் என்பது மற்றொன்று.

நான் இரண்டாவது கட்சி. சக தலைவர்கள் முன் முதன்முறையாகத் தன் பக்கத்துக் கெட்ட செய்தியைக் கேட்பவர், கேட்பதை நிறுத்திவிட்டு முகத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். அது குணக்கேடு அல்ல, நாமும் அப்படித்தான். ஆனால் எவ்வளவு முன்னால் என்பது முக்கியம். ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் ‘எந்தக் குழு, யார் சொன்னது’ என்று துப்பறியத் தொடங்கிவிடுவார்கள். மூன்று நாள் சரியாக இருக்கிறது. ஏழு பேர், ஆளுக்கு 20 நிமிடம், தலைமை நிர்வாகியில் தொடங்கி. அவர் கூட்டத்தில் முதலில் எப்படி முகம் காட்டுகிறாரோ அதைப் பார்த்துத்தான் மற்ற ஆறு பேரும் பேசுவார்கள்.

அந்த 20 நிமிடத்தில் எண்ணைக் காட்டும் முன் ஒரு சின்ன வேலை செய்தேன். கேள்வியை மட்டும் காட்டி, ‘இதற்கு எத்தனை விழுக்காடு சாதகமாக வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டு, ஒரு தாளில் எழுதச் சொன்னேன். பெரும்பாலும் 60-க்கு மேல்தான் எழுதினார்கள். அப்புறம் 34-ஐக் காட்டினேன். நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. தன் கணிப்புக்கும் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார், என்னை அல்ல. தாளை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். இதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் செய்துவிடாதீர்கள். தனியறையில் வியப்பாக இருப்பது சபையில் அவமானமாகிவிடும்.

தற்காப்பெல்லாம் இந்தத் தனிச் சந்திப்புகளிலேயே வெளியே வந்துவிடும், அதுதான் நமக்கு வேண்டியது. ‘அதிருப்தியில் இருப்பவர்கள்தான் பதில் போட்டிருப்பார்கள்’ என்றார் ஒருவர். நியாயமான சந்தேகம்தான். ஆத்திரப்படாமல் கணக்குப் போட்டுக் காட்டினேன். 484 பேரில் 166 பேர் சாதகம். பதில் சொல்லாத 136 பேரும், ஒருவர் விடாமல், ‘ஆம், காரணம் சொல்லப்படுகிறது’ என்று நினைப்பவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 166-ம் 136-ம் 302. 620-க்கு 49%. நடக்கவே முடியாத அந்த நல்ல கற்பனையிலும் பாதியைத் தாண்டவில்லை. அவர் சிரித்துவிட்டு அடுத்த ஸ்லைடைக் கேட்டார்.

முன்கூட்டிக் காட்டுவதில் ஒரு கேடு உண்டு: ‘இந்த ஸ்லைடை மட்டும் எடுத்துவிடுங்களேன்’ என்பார்கள். அதற்கு ஒரே பதிலை ஏழு பேரிடமும் ஒரே மாதிரி சொன்னேன். எண்ணில் பிழை இருந்தால் இன்றே திருத்துகிறேன், சொல் காயப்படுத்தினால் சொல்லை மாற்றுகிறேன், கண்டறிந்த விஷயம் அப்படியே இருக்கும். உண்மையில் ஒரு சொல்லை மாற்றவும் செய்தேன். ‘தொடர்புத் தோல்வி’ என்று எழுதியிருந்ததை ஒருவர் சுட்டிக்காட்டினார். ‘முடிவுக்கும் காரணத்துக்கும் இடையிலான தாமதம்’ என்று ஆக்கினேன். அவர் சொன்னதுதான் சரி. முதல் சொல்லில் என் சொந்த எரிச்சல் ஒட்டிக்கொண்டிருந்தது.

எழுத்துக் கருத்துகளை வார்த்தைக்கு வார்த்தை வாசிப்பதை நான் தவிர்த்தேன். ஒருவருடைய நடையை இன்னொருவர் அடையாளம் கண்டுவிடுவார், அறை உடனே ஊகிக்கும் விளையாட்டில் இறங்கிவிடும். எந்தப் பொருளைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள் என்பதை மட்டும், என் சொற்களில் சொன்னேன்.

கூட்டத்தில் நடந்ததும், இந்த வழி போகாத இடமும்

கூட்டத்தில் மொத்தம் மூன்று ஸ்லைடுகள்: இரண்டு கோடுகள், மேலாளர்களின் 37%, அந்த 11 மணி மின்னஞ்சல். நான்காவதாக ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒரு கேள்வி மட்டும்: ‘இதில் இந்த அறையில் மட்டுமே மாற்றக்கூடியது எது?’ பரிந்துரைகளோடு நான் போகவில்லை. போயிருந்தால் என் பரிந்துரையைக் குறை சொல்வதிலேயே நேரம் போயிருக்கும்.

அவர்கள் எடுத்த முடிவு சின்னது. எல்லோரையும் பாதிக்கும் எந்த அறிவிப்பும் மேலாளர்களுக்கு இரண்டு வேலை நாள் முன்னால் போகும், காரணத்தோடும், எதிர்பார்க்கக்கூடிய ஐந்து கேள்விகளுக்கான பதிலோடும். மூன்று மாதம் கழித்து அதே ஒரு கேள்வியை அதே சொற்களில் மறுபடி கேட்பது. சொல்லை மாற்றிக் கேட்டால் எண் உயர்ந்தாலும் அது எதைக் காட்டுகிறது என்று தெரியாது.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. முதல் கோட்டில் 45-ல் நின்ற அந்தப் புள்ளிகளை நான் ஒதுக்கிவிடவில்லை. அங்கே மேலாளருக்கு உதவி தேவைப்படலாம். ஆனால் அது அவரும் அவருடைய மேலதிகாரியும் உட்கார்ந்து பேசுவது. ஒரு சர்வேயின் எண்ணோடு நிறுத்தாமல் முந்தைய ஆண்டின் எண், ஆட்கள் விலகிய கணக்கு எல்லாம் சேர்த்துப் பார்ப்பது. அந்த மேலாளர்கள் தங்கள் குழுவின் எண்ணைத் தலைமைக் கூட்டத்துக்கு முந்தைய நாளே பார்த்துவிட்டார்கள். தொல்லை கொடுப்பது, மிரட்டுவது போன்ற புகார் கருத்துகளில் வந்திருந்தால் அதற்கு விசாரணை வழி தனியாக இருக்கிறது. அதைச் சராசரிக்குள் போட்டு ஸ்லைடாக ஆக்கக் கூடாது.

கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது, எதிர்பார்த்ததுபோலவே ஒருவர் என் பக்கம் சாய்ந்து, ‘அந்த 45 யாருன்னு எனக்கு மட்டும் சொல்லுங்களேன்’ என்றார். மடிக்கணினியில் சர்வேயின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினேன். ‘குழு வாரியான முடிவுகள் அந்தக் குழுவின் மேலாளருக்கும் அவருடைய நேர் மேலதிகாரிக்கும் மட்டுமே காட்டப்படும்’ என்று அங்கே எழுதியிருந்தது. அதற்குக் கீழே இருந்த கையெழுத்துகளில் அவருடையதும் ஒன்று.